20 வேலை நாள் நோட்டீஸ்: ஒரே ஷீட்டில் மூன்று கடைசித் தேதி வருகிறது, எது சரி?

தேனி_ராஜ்

வணக்கம். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பராமரிப்பு ஒப்பந்ததாரர் இருந்தார். ஒப்பந்தத்தில் இருக்கும் வரி இது: "இரு தரப்பில் யாரும் 20 வேலை நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்து விலகலாம்." அவருடைய அறிவிப்பு 2025 ஜனவரி 2, வியாழக்கிழமை எங்கள் கைக்கு வந்தது. ஜனவரி 30-ஆம் தேதி மாலையோடு ஆட்களை எடுத்துவிட்டார். எங்கள் கணக்கில் பிப்ரவரி 5 வரை அவர் வேலை பார்த்திருக்க வேண்டும். தணிக்கையாளர் பிப்ரவரி 4 என்கிறார். பில் தொகையில் எவ்வளவு பிடிப்பது என்பது இந்தத் தேதியில்தான் நிற்கிறது.

எக்செல்லில் போட்டுப் பார்த்தது:

```
=NETWORKDAYS(A2,B2,Holidays)
```

A2-இல் 2 ஜனவரி, B2-இல் 5 பிப்ரவரி. விடை 21 வருகிறது. அப்படியானால் ஒரு நாள் அதிகம், பிப்ரவரி 4 தான் சரி என்று தணிக்கையாளர் சொல்வது நியாயமா? அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை. பொங்கலுக்கு 14 முதல் 17 வரை நான்கு நாளும் விடுமுறை விட்டோம்.

பழைய_லெட்ஜர்

இதற்கு ஃபார்முலாவே வேண்டாம் ராஜ். மொத்த நாளை எடுங்கள், ஏழால் வகுத்து ஐந்தால் பெருக்குங்கள், விடுமுறையைக் கழியுங்கள். ஜனவரி 2-லிருந்து பிப்ரவரி 5 வரை 34 நாள். ஐந்தில் ஏழு பங்கு எடுத்தால் 24.3. பொங்கல் நான்கு, குடியரசு தினம் ஒன்று, ஆக ஐந்தைக் கழித்தால் 19.3. இன்னும் 20 கூட ஆகவில்லை, ஆக பிப்ரவரி 6.

இன்னொன்று, அறிவிப்பு வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 1897-ஆம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டம் 9-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. "இந்த நாளிலிருந்து" என்றால் அந்த நாள் போய்விடும். தணிக்கையாளர் தவறு.

மீனா_பிளானிங்

லெட்ஜர் சார், இரண்டாவது சொன்னது சரியான திசை. முதலாவது இங்கே உதவாது. (ஏழில் ஐந்து பங்கு என்றுதான் சொல்ல வந்தீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.) அந்தப் பங்கு முழு வாரங்களுக்கு மட்டும்தான் சரியாக வரும். 34 நாள் என்பது நான்கு வாரமும் ஆறு நாளும். அந்த ஆறு நாளில் எத்தனை சனி, ஞாயிறு விழுகிறது என்பது தொடங்கும் கிழமையைப் பொறுத்தது. அதைவிடப் பெரிய பிழை குடியரசு தினம். 2025-இல் ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்று ஏற்கெனவே கழிந்த நாளை விடுமுறை என்று இரண்டாவது தடவை கழித்துவிட்டீர்கள். NETWORKDAYS அப்படிச் செய்யாது. பட்டியலில் 26-ஆம் தேதி இருந்தாலும் அது ஞாயிறு என்பதால் மறுபடி குறைக்காது.

ராஜ், உங்கள் 21-க்கு விளக்கம் எளிது. NETWORKDAYS இரண்டு முனையையும் எண்ணும். ஜனவரி 2 ஒன்று, பிப்ரவரி 5 கடைசி, ஆக 21. அறிவிப்பு வந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 20. இந்த மாதிரிக் கேள்விக்கு NETWORKDAYS-ஐவிட WORKDAY பொருத்தம். அது தொடக்க நாளை எண்ணாமல் அடுத்த வேலை நாளிலிருந்து தொடங்கும்:

```
=WORKDAY(A2,20,Holidays)
```

விடை 5 பிப்ரவரி 2025. ஆனால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசப் போகாதீர்கள். ஒப்பந்ததாரரை ஒரு கேள்வி கேளுங்கள்: 10-வது வேலை நாள் எது?

தேனி_ராஜ்

மேடம், 10-வது நாளை எதற்குக் கேட்க வேண்டும்? சண்டை 20-வது நாளுக்குத்தானே.

மீனா_பிளானிங்

ஜனவரி 30 என்ற விடைக்கு இரண்டு வழியில் வர முடியும். போட்டுப் பாருங்கள்.

முதல் வழி: சனி, ஞாயிறு விடுமுறை, பொங்கலைக் கழிக்கவே இல்லை. விடுமுறைப் பட்டியலைச் சேர்க்க மறந்தாலும் இதேதான் வரும். 20 வேலை நாள் என்பது சரியாக நான்கு வாரம், ஆகவே வியாழனில் தொடங்கி வியாழனில் முடிகிறது.

```
=WORKDAY(A2,20)
```

இரண்டாம் வழி: பொங்கல் நான்கு நாளையும் ஒழுங்காகக் கழித்திருக்கிறார், ஆனால் ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்று எடுத்திருக்கிறார். பராமரிப்பு ஆட்கள் சனிக்கிழமையும் வருவார்கள், ஆகவே இது நடக்கக்கூடியதே. 4, 11, 18, 25 ஆகிய நான்கு சனிக்கிழமை உள்ளே வருகிறது, பொங்கல் நான்கு நாள் வெளியே போகிறது. ஒன்றை ஒன்று ஈடு செய்து அதே ஜனவரி 30.

```
=WORKDAY.INTL(A2,20,11,Holidays)
```

அந்த 11 என்பது ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்று சொல்லும் எண்.

இந்த இரண்டுக்கும் பதில் வேறு வேறு. முதலாவது வெறும் பிழை, சுட்டிக்காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது, "வேலை நாள்" என்றால் யாருடைய வேலை நாள் என்ற உண்மையான வாதம். 10-வது நாளைக் கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும். முதல் வழியில் அது ஜனவரி 16, மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள். இரண்டாம் வழியில் ஜனவரி 18, சனிக்கிழமை.

உங்கள் தணிக்கையாளரின் பிப்ரவரி 4-க்கும் இதே கதை. ஜனவரி 2-ஐ முதல் நாளாக எண்ணினால் பிப்ரவரி 4. வந்த நாளை விட்டுவிட்டு, 17-ஆம் தேதியை வேலை நாள் என்று எடுத்தாலும் பிப்ரவரி 4. மூன்றாவது ஒரு வழியும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். கடைசித் தேதியை வைத்துப் பேசினால் யார் எங்கே பிரிகிறார்கள் என்பதே தெரியாது. 20 நாளையும் வரிசையாக எழுதி இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள், எந்த வரியில் தேதி மாறுகிறதோ அங்கேதான் விவகாரம்.

```
=WORKDAY($A$2,ROWS(A$1:A1),Holidays)
```

இதை வேறு ஒரு நெடுவரிசையில் போட்டு 20 வரிக்கு இழுத்துவிடுங்கள், நாள்வாரியாக வந்துவிடும்.

ஹரிணி_மதுரை

எனக்கும் இதே பிரச்சினைதான். ஆஃபர் லெட்டரில் 60 நாள் நோட்டீஸ் பீரியட். நானும் ஜனவரி 2 அன்றுதான் ராஜினாமா மெயில் போட்டேன். மேலே இருக்கும் ஃபார்முலாவில் 60 போட்டால் ஏப்ரல் 4 என்று வருகிறது. ஹெச்.ஆர். மார்ச் 3 என்கிறார்கள். யார் சரி?

நிலா_அட்வகேட்

ஹரிணி, உங்களுடையது வேறு கணக்கு. "60 நாள்" என்று மட்டும் இருந்தால் அது காலண்டர் நாள். ஞாயிறு, பொங்கல் எல்லாம் உள்ளேயே ஓடும். WORKDAY வேண்டியதில்லை, வெறும் கூட்டல்:

```
=A2+60
```

ஜனவரி 2-ஐ விட்டுவிட்டால் ஜனவரியில் 29 நாள், பிப்ரவரியில் 28, ஆக 57. மார்ச்சில் மூன்று. மார்ச் 3 சரிதான். லெட்டரில் "இரண்டு மாதம்" என்று எழுதியிருந்தால் EDATE போட வேண்டும், அது மார்ச் 2, ஞாயிறு என்று வரும். நீங்கள் ஏப்ரல் 4 வரை இருக்கத் தேவையில்லை. நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவுக்காக ரிலீவிங் தேதி தள்ளிப்போகுமா என்பதற்கு உங்கள் லெட்டரில் தனி வரி இருக்கிறதா பாருங்கள். பல நிறுவனங்கள் அப்படி ஒரு வரி வைக்கின்றன.

லெட்ஜர் சார் சொன்ன 9-ஆம் பிரிவு பற்றியும் ஒரு வார்த்தை. அது மத்திய சட்டங்களைப் படிக்கும் விதி. தனியார் ஒப்பந்தத்தை நேராகக் கட்டாது. வழக்கமாக ஒப்பந்தங்களையும் அந்த மாதிரிதான் படிப்பார்கள், ஆனால் ஒப்பந்தமே "அறிவிப்பு கிடைத்த நாள் உட்பட" என்று சொன்னால் அதுதான் நிற்கும். ராஜ், உங்கள் ஒப்பந்தத்தில் அறிவிப்புப் பிரிவை முழுசாக ஒரு தடவை படியுங்கள். மின்னஞ்சலாக வந்தது என்றால் எத்தனை மணிக்கு வந்தது என்பதும் முக்கியம். அலுவலக நேரம் முடிந்து வந்த மின்னஞ்சல் அடுத்த வேலை நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அந்த வரி இருந்து, ஜனவரி 2 இரவு ஏழு மணிக்கு மெயில் வந்திருந்தால், தொடக்கமே ஜனவரி 3 ஆகிவிடும். கடைசி நாள் பிப்ரவரி 6.

தேனி_ராஜ்

கையில் கொடுத்த கடிதம்தான், காலை பதினொரு மணிக்கு முத்திரை போட்டு வாங்கியிருக்கிறோம். "வேலை நாள் என்பது தமிழ்நாடு அரசு விடுமுறை நாட்கள், சனி, ஞாயிறு நீங்கலான நாள்" என்று விளக்கப் பிரிவில் இருக்கிறது. அப்படியானால் சனிக்கிழமை வாதம் அவருக்குக் கிடையாது, இல்லையா?

மீனா_பிளானிங்

கிடையாது. சனி வெளியே என்று எழுத்தில் இருக்கிறது. ஆனால் "தமிழ்நாடு அரசு விடுமுறை" என்ற சொல் வேறு ஒரு கதவைத் திறக்கிறது. நான் சொல்லாமல் விட்ட மூன்றாவது வழி இதுதான்.

ஆண்டுக்கு முன்பே வெளியான 2025 விடுமுறைப் பட்டியலில் பொங்கலுக்கு 14, 15, 16 மூன்று நாள்தான். 17-ஆம் தேதி பிறகு தனி அறிவிப்பாக வந்தது. அதற்கு ஈடாக ஜனவரி 25, சனிக்கிழமை வேலை நாள் என்று அதே அறிவிப்பில் சொன்னார்கள். ஆகவே அரசுக் கணக்கைப் பின்பற்றினால் 17 வெளியே போகிறது, 25 உள்ளே வருகிறது. நிகரமாக ஒன்றும் மாறவில்லை, விடை பிப்ரவரி 4.

இங்கேதான் WORKDAY கை விரித்துவிடும். விடுமுறையைக் கழிக்க அதற்கு இடம் உண்டு, ஒரு சனிக்கிழமையை வேலை நாளாகச் சேர்க்க இடமே இல்லை. நாள் எண்ண வேண்டும் என்றால் வெளியே கூட்டிக்கொள்ளலாம். Extra என்பது ஈடு செய்யும் சனிக்கிழமைகளின் பட்டியல்:

```
=NETWORKDAYS(A2+1,B2,Holidays)+COUNTIFS(Extra,">="&A2+1,Extra,"<="&B2)
```

கடைசித் தேதியே வேண்டும் என்றால் இந்த ஒட்டு வேலை ஆகாது. வார விடுமுறையே இல்லை என்று சொல்லிவிட்டு, மூடிய நாள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வையுங்கள். சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் அதில் இருக்க வேண்டும், ஜனவரி 25 மட்டும் இருக்கக் கூடாது:

```
=WORKDAY.INTL(A2,20,"0000000",Off)
```

அந்த ஏழு பூஜ்யம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். பூஜ்யம் என்றால் வேலை நாள், 1 என்றால் விடுமுறை. ஏழும் பூஜ்யம் என்றால் Off பட்டியல் சொல்வதுதான் சட்டம். ஒரு ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் வரி வரும், ஒரு தடவை செய்து வைத்தால் போதும்.

பழைய_லெட்ஜர்

மீனா, குடியரசு தினத்தை இரண்டு தடவை கழித்தது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு கேள்வி. ராஜ் அலுவலகம் ஜனவரி 25 அன்று திறந்திருக்கவில்லை. பூட்டிய அலுவலகத்தில் அது எப்படி வேலை நாள் ஆகும்?

நிலா_அட்வகேட்

நல்ல கேள்வி. ஒப்பந்தத்தில் "சனி நீங்கலாக" என்று இருக்கிறதே, அரசு ஒரு சனியை வேலை நாள் ஆக்கினாலும் ஒப்பந்தப்படி சனி சனிதான் என்று நான் வாதிடுவேன். அப்படி எடுத்தால் பிப்ரவரி 5. மறு தரப்பு, 17-ஐ அரசு அறிவிப்பின்படி எடுத்துக்கொண்டு அதே அறிவிப்பின் மறு பாதியை விடுவது சரியா என்று கேட்கும். அதிலும் நியாயம் இருக்கிறது. இதை ஃபார்முலா தீர்க்காது. இரண்டு தரப்பும் ஒரு நாளை விட்டுக்கொடுப்பது வக்கீல் செலவைவிட மலிவு.

குமரன்_பைதான்

எக்செல்லை நம்பாமல் பைதானில் சரிபார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்பையில் busday_count கடைசி நாளை எண்ணாது, முதல் நாளை எண்ணும்.

```python
import numpy as np
hol = ['2025-01-14','2025-01-15','2025-01-16','2025-01-17']
np.busday_count('2025-01-02','2025-02-05',holidays=hol)   # 20
np.busday_offset('2025-01-02',20,holidays=hol)            # 2025-02-05
```

முதல் வரியில் 20 வருவதைப் பார்த்து, எக்செல்லின் 21 தவறு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே எண்ணப்பட்டது ஜனவரி 2 முதல் பிப்ரவரி 4 வரை. எண்ணிக்கை தற்செயலாக நாம் எதிர்பார்த்த 20-ஆக இருக்கிறது. ஈடு செய்யும் சனிக்கிழமைக்கு இங்கேயும் இடமில்லை, weekmask-ஐ '1111111' என்று கொடுத்து மூடிய நாள் எல்லாவற்றையும் holidays-இல் வைக்க வேண்டும். கவனிக்க, இங்கே 1 என்றால் வேலை நாள். எக்செல்லுக்கு நேர் எதிர்.

அன்வர்_ரியாத்

எங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. WORKDAY.INTL-இல் 7 போட்டால் சரியாக வருகிறது. சென்னை டீமுடன் சேர்ந்த வேலை என்றால் என்ன போடுவது?

மீனா_பிளானிங்

இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் நகரும் வேலை என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் விடுமுறை: "0000111". விடுமுறைப் பட்டியலும் இரு நாட்டினுடையதும் சேர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்கிற வேலைக்கு அந்தப் பக்கத்துக் காலண்டர் போதும். திட்டம் முழுவதற்கும் ஒரே காலண்டர் போட்டால் நாள் வீணாகும்.

ப்ராஜெக்ட் கணக்கில் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. நோட்டீஸில் முதல் நாள் சேராது. வேலையில் தொடங்கிய நாளும் உழைத்த நாள்தான், அது சேரும். ஜனவரி 6, திங்கள் காலை தொடங்கும் 10 நாள் வேலை ஜனவரி 23 அன்று முடியும். WORKDAY(A2,10,Holidays) போட்டால் 24 என்று வரும். சரியானது இது:

```
=WORKDAY(A2-1,10,Holidays)
```

ஒரு வேலைக்கு ஒரு நாள்தானே என்று விட முடியாது. அடுத்த வேலையின் தொடக்கத்தை WORKDAY(முடிவு,1) என்றும், அதன் முடிவை WORKDAY(தொடக்கம்,நாள்) என்றும் எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள் சறுக்கும். எட்டு வேலை அடுத்தடுத்து இருந்தால் எட்டு வேலை நாள், ஒன்றரை வாரத்துக்கும் மேல்.

செல்வி_வங்கி

இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை மட்டும் விடுமுறை விடும் இடங்களுக்கு ஒரு வழி. வங்கிகளில் 2015 செப்டம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. வார விடுமுறைக்கு 11 போட்டுவிட்டு, அந்த இரண்டு சனிக்கிழமையையும் விடுமுறைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். D2-இல் மாதத்தின் முதல் தேதி இருந்தால்:

```
=D2+14-WEEKDAY(D2)
=D2+28-WEEKDAY(D2)
```

2025 ஜனவரிக்கு 11-உம் 25-உம் வரும். பன்னிரண்டு மாதத்துக்கும் இழுத்துவிடலாம்.

தேனி_ராஜ்

எல்லோருக்கும் நன்றி. நாள்வாரிப் பட்டியல் போடும்போது புதுப் பிரச்சினை. விடுமுறைகளை வேறொரு கணினியில் தட்டச்சு செய்து ஒட்டினேன். இப்போது #VALUE! வருகிறது. சில தேதி செல்லின் இடது ஓரத்திலும் சில வலது ஓரத்திலும் நிற்கின்றன.

மீனா_பிளானிங்

அந்தக் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்திருக்கும், மாதம் முன்னே, நாள் பின்னே. 14/01/2025 என்று தட்டினால் பதினான்காம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு இடது ஓரத்தில் நிறுத்தியது. அதனால் வந்ததுதான் #VALUE!. அது நல்ல பிழை, கண்ணில் படுகிறது. வலது ஓரத்தில் நிற்பவைதான் ஆபத்து. 02/10/2025 என்று காந்தி ஜெயந்தியைத் தட்டியிருந்தால் அது பிப்ரவரி 10 ஆகிவிட்டிருக்கும். எந்தப் பிழையும் காட்டாமல் ஒரு திங்கட்கிழமையைக் கழிக்கும். புள்ளி வைத்து 14.01.2025 என்று எழுதுவதும் பெரும்பாலும் எழுத்தாகவே நிற்கும்.

சரிபார்க்க இரண்டு வழி. COUNT(Holidays), COUNTA(Holidays) இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், குறைந்தால் எழுத்துத் தேதி கலந்திருக்கிறது. பிறகு பக்கத்து நெடுவரிசையில்:

```
=TEXT(F2,"dd-mmm-yyyy ddd")
```

மாதப் பெயரும் கிழமையும் வந்துவிடும். அரசுப் பட்டியலோடு கிழமையை ஒப்பிட்டால் மாறிப்போன தேதி உடனே சிக்கும். A2-ஐயும் இப்படியே பாருங்கள். 02/01/2025 என்பது அந்தக் கணினியில் பிப்ரவரி 1. எண் வடிவத்துக்கு மாற்றினால் ஜனவரி 2 என்பது 45659, பிப்ரவரி 1 என்பது 45689.

இன்னொன்று, பட்டியல் 2025 டிசம்பரோடு முடிந்தால், 2026-க்குள் ஓடும் கெடுவுக்கு எக்செல் வாய் திறக்காது. அடுத்த பொங்கலை வேலை நாளாக எண்ணிவிட்டு ஒரு தேதியைத் தரும். ஆகவே இப்படி ஒரு காவல் வையுங்கள்:

```
=IF(B2>MAX(Holidays),"பட்டியல் போதாது",B2)
```

டிசம்பர் 25-க்கும் 31-க்கும் நடுவில் விழும் தேதிக்கும் இது கத்தும். அதைத் தவிர்க்க டிசம்பர் 31-ஐப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள், அது உண்மையில் வேலை நாள். அடுத்த ஆண்டு ஜனவரி 1-ஐச் சேர்த்தால் போதும்.

பழைய_லெட்ஜர்

தனியார் நிறுவனங்களுக்கு ஒன்று. அரசுப் பட்டியல் உங்களைத் தானாகக் கட்டாது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாள். ஆக ஒன்பது. அதற்கு மேல் விடுவது நிறுவனத்தின் விருப்பம். ஒப்பந்தத்தில் எந்தப் பட்டியல் என்று எழுதாவிட்டால், இரு தரப்பும் வேறு வேறு பட்டியலை எடுத்துக்கொண்டு வரும்.

தேனி_ராஜ்

10-வது நாளைக் கேட்டேன். ஜனவரி 16 என்றார். பட்டியலையே சேர்க்கவில்லை, அரசு விடுமுறை என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டியதும் ஜனவரி 30 இல்லை என்று ஒப்புக்கொண்டார். இப்போது பிப்ரவரி 4-ஆ 5-ஆ என்பதில் நிற்கிறது. ஜனவரி 25 பற்றி அவரும் கேட்கிறார். "சனி நீங்கலாக" என்று எழுதி, பிறகு அரசு வேலை நாளாக்கிய சனி பற்றி வேறு யாருக்காவது முடிவு கிடைத்திருந்தால் சொல்லுங்கள்.